ஆல்பத்திலிருந்து கொடிவழி: கேள்வி பதில்

எல்லாப் படங்களுக்கும் கீழே பெயர் இருக்கிறது. அப்படியே கொடிவழியில் ஏற்றலாமா?

எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று தெரியும்வரை வேண்டாம். "அத்தை" என்றிருந்தால் அவர் எழுதியவருக்கு அத்தை. எழுதியவர் உங்கள் பாட்டியானால் கணக்கு இரண்டு தலைமுறை மேலே போய்விடும்.

நான் பார்த்த ஓர் ஆல்பத்தில், ஆறு வயது மதிக்கத்தக்க சிறுமியின் படத்துக்குக் கீழே "கமலா, 1931" என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது. அந்தப் பேனா பரவலாக விற்பனைக்கு வந்ததே 1945-இல்தான் என்பதால், குறிப்பு பிற்காலத்து நினைவிலிருந்து எழுதப்பட்டது. பிறப்புப் பதிவேட்டிலோ அதே பெற்றோருக்கு 1925-இல் ஒரு கமலாவும் 1929-இல் இன்னொரு கமலாவும் இருந்தார்கள். மூத்தவள் 1928-இல் இறந்ததாக இறப்புப் பதிவு சொன்னது. அவள் பெயரையே அடுத்த பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். 1931-இல் மூத்தவள் உயிரோடில்லை, இளையவளுக்கு இரண்டு வயது. முடிச்சை அவிழ்த்தது எதிர்ப்பக்கத்துப் படம். அதில் அதே சிறுமி, அதே கவுனில், தாயின் அருகே நிற்கிறாள். தாயின் மடியில் இருக்கும் கைக்குழந்தை 1934 இறுதியில் பிறந்த கடைசி மகன். ஆக, படம் சுமார் 1935. பெயர் சரி, ஆண்டு தவறு. குறிப்பை எழுதியபடியே படியெடுத்து, என் கணிப்பைத் தனியாகப் பதிந்தேன்.

இறப்புப் பதிவிலேயே பிறந்த தேதி இருக்கிறதே, அரசு ஆவணம்தானே?

இறந்த தேதிக்கு அதை நம்பலாம். பிறந்த தேதியைச் சொன்னவர் பெரும்பாலும் மகனோ மருமகளோதான். அவர்கள் அந்தப் பிறப்பைக் கண்டவர்கள் அல்லர்.

படத்தின் பின்புறம் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஒட்டியதைப் பிரிக்கலாமா?

பிரிக்காதீர்கள். முதலில் பக்கங்களை முழுதாக, வரிசை மாறாமல் படமெடுங்கள். எதிர்ப்பக்கம் இல்லாமல் கமலாவை நான் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிறப்புப் பதிவை மட்டும் ஏன் இப்படி நம்புகிறீர்கள்? பல ஆண்டுகள் கழித்துத் தாமதமாகப் பதிந்தவை எத்தனையோ உண்டு. தவிர, 1928 இறப்புப் பதிவில் தாயின் பெயர் இருந்ததா?

முதலாவது நியாயமான கேள்வி. பதிந்த தேதியையும் பிறந்த தேதியையும் ஒப்பிடாமல் எந்தப் பதிவையும் ஏற்கக் கூடாது. இந்த இரண்டும் பிறந்த சில நாள்களுக்குள் பதியப்பட்டவை. இரண்டாவதற்குப் பதில், இல்லை. தந்தை பெயரும் முகவரியும் வயதும் பொருந்தின.

அதே முகவரியில் கூட்டுக் குடும்பமாக இருந்த சித்தப்பாவுக்கும் ஒரு கமலா இருந்திருக்கலாமே?

தந்தை பெயர் பொருந்துகிறது என்றேனே. ஆனால் பாட்டனார் பெயரைப் பேரன்கள் இருவருக்கு வைத்திருக்கும் வீடுகளில் அதுவும் போதாது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். மூத்த கமலாவின் இறப்பை ஐயக்குறியோடுதான் இணைத்திருக்கிறேன். படத்தின் ஆண்டு அதைச் சார்ந்ததில்லை; இளையவளின் வயதும் தம்பியின் பிறப்பும் அதற்குப் போதும்.

ஐயா, ஸ்கேன் செய்வதற்காகப் படங்களைக் கழற்றலாமா?

மேலே சொல்லியாயிற்று. கழற்றாதீர்கள்.