9 மாதப் பையன் சோபாவைப் பிடித்து நிற்கிறான். டெல்லி குளிரில் வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுவிடலாமா?

கெட்டியான அடி உள்ள ஷூ வேண்டவே வேண்டாம். உங்கள் வீடும் எங்களுடையது மாதிரி மார்பிள் தரை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டெல்லி மயூர் விஹாரில் இருந்தபோது, ஜனவரி மாதம், என் மகளுக்குப் பத்து மாதம். கும்பகோணத்திலிருந்து வந்த நாத்தனார், கால் வைத்தால் 'கீச் கீச்' என்று கத்தும் ஷூ வாங்கி வந்திருந்தார். "தரை ஐஸ் மாதிரி இருக்கு, பிள்ளையை வெறுங்காலோட விடாதே" என்றார். போட்டுவிட்டேன். கட்டிலைப் பிடித்து எழுந்தவளுக்குக் கால் சர்ரென்று வழுக்கி, மரச்சட்டத்தில் மோதி உதடு கிழிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, அன்பாகத்தான் வாங்கி வந்தார்.

மறுநாள் வெறுங்காலோடு விட்டு, தரையில் படுத்து அவள் காலையே பார்த்தேன். மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றுகிறாள். பின்னால் இருக்கும் காலின் விரல்கள் மடங்கித் தரையை அழுத்துகின்றன, அந்த உந்தலில்தான் எழுகிறாள். நின்றதும் உடம்பு ஆடினால் விரல்கள் விரிந்து, நுனி வெளுக்கும் அளவுக்குத் தரையைப் பிடிக்கின்றன. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை உள்ளங்கால்தான் அவளுக்குச் சொல்கிறது. கெட்டி அடியில் விரல் மடங்காது, ஷூ நுனி மட்டும் தரையில் படும். வழுக்காமல் என்ன செய்யும்?

"ஷூ போடாவிட்டால் தட்டைப் பாதமாகிவிடும்" என்று யாராவது கருத்து எழுதுவார்கள். இந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும், உள்ளே கொழுப்புத் திண்டு இருக்கிறது. வளைவு வரச் சில வருஷம் ஆகும். ஷூ அதைக் கொண்டுவராது.

குளிருக்கு நாங்கள் சோபா ஓரமாக ரப்பர் பாய் விரித்தோம். ஹீட்டரும் போட்டிருக்கலாம், ஆனால் கரண்ட் யூனிட்டுக்கு வீட்டு ஓனர் வைத்ததுதான் விலை, ரசீது கேட்டால் காலி பண்ணச் சொல்வார். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று காலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். வயிற்றையோ முதுகையோ தொடுங்கள்.

பாய் இல்லாத இடத்தில் வெறும் சாக்ஸ் ஆபத்து, ஷூவைவிட மோசமாக வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் அல்லது மெல்லிய தோல் அடி உள்ள மென்ஷூ போடலாம். வாங்கும்போது நுனியையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல் மடங்கும் இடத்தில் சுலபமாக மடங்க வேண்டும், கையில் முறுக்கினாலும் முறுக வேண்டும். பெட்டியில் '9-12 மாதம்' என்று போட்டிருப்பதை நம்பாமல், பிள்ளையைக் காகிதத்தில் நிற்க வைத்துப் பாதத்தை வரைந்து கொண்டுபோங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும். கழற்றியதும் சிவப்புத் தடம் தெரிந்தால் அது சின்னதாகிவிட்டது. என் மகளுக்கு இரண்டே மாதத்தில் தெரிந்தது.