மழையில் ஊறிய மலை எப்போது நகரும்? கேள்வி பதில்

மலைச்சரிவுகளை நேரில் போய்ப் பார்த்து ஆய்வு செய்யும் வேலையில் பல வருடம் இருந்தேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து: "ஐயா, மண் தண்ணீரைக் குடித்துக் கனமாகிறது, கனம் தாங்காமல் விழுகிறது. அவ்வளவுதானே?"

பாதி சரி தம்பி. கனம் கூடுவது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய வேலையை நீரின் அழுத்தம் செய்கிறது. ஈர மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கரைந்து ஓடும். கொஞ்சம் ஈரம் மண்துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. எல்லா இடுக்கிலும் நீர் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். அதோடு, அடியில் தேங்கும் நீர் மேலே உள்ள மண்ணைத் தூக்கவும் செய்யும். உரசல் குறைந்ததும் மண் நழுவுகிறது.

நீலகிரியில் கெட்டியான பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண் இருக்கும் இடங்கள் நிறைய. மழைநீர் மண்ணில் இறங்கிவிடும், பாறையில் அவ்வளவு எளிதாக இறங்காது. அதனால் இரண்டும் சேரும் இடத்தில் தேங்கும். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. மழை பதிவானது. அவ்வளவு மழை எந்தச் சரிவையும் சோதித்துவிடும். ஆனால் ஏற்கெனவே பல நாள் நனைந்து ஊறிய மண்ணுக்கு அதில் கால்வாசி மழைகூட அதிகமாகிவிடலாம். அதனால் இன்றைய மழையோடு போன வார மழையையும் கணக்கில் வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: "வீட்டுக்குப் பின்னால் ஜேசிபி வைத்து வெட்டித் தடுப்புச் சுவர் கட்டினோம். சுவரில் விட்ட துளைகளில் போன வருடம் தண்ணீர் வந்தது, இந்த மழைக்கு வரவே இல்லை. சுவர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

இல்லை அம்மா, எனக்குக் கவலை தருவதே இதுதான். போன வருடம் வந்த தண்ணீர் இந்த வருடம் எங்கே போனது? பெரும்பாலும் துளைகள் மண்ணால் அடைத்திருக்கும், தண்ணீர் சுவருக்குப் பின்னால் நிற்கும். மண்ணைத் தாங்கத்தான் அந்தச் சுவர் கட்டப்பட்டிருக்கும். பின்னால் நிற்கும் தண்ணீரையும் சேர்த்துத் தாங்க அதனால் முடியாது.

மழை விட்டு வெயில் வந்த பிறகு, இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஓரமாக நின்று ஒரு கம்பியால் துளையைக் குத்திப் பாருங்கள். கலங்கிய தண்ணீர் பீய்ச்சினால் அடைப்பு இருந்தது உறுதி. சுவர் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நடுவில் சுவர் வெளியே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள். வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தாலோ, அந்தப் பக்க அறையில் யாரும் படுக்க வேண்டாம். கூரைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் அந்த மேட்டில் விழுந்தால், குழாய் போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

இலங்கை ஹட்டனிலிருந்து, லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவர்: "அண்ணா, எங்கட லயத்துக்கு மேலே தேயிலைக்குள்ள ஒரு வெடிப்பு. பிறை மாதிரி வளைஞ்சு கிடக்கு. மண் போட்டு மூடினால் சரி என்று பெரியவங்க சொல்றாங்க."

பிறை வடிவம் என்றால், அதன் கீழே ஒரு துண்டு நிலம் மலையிலிருந்து பிரிந்து இறங்கத் தொடங்கியிருக்கலாம். பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மூடினால் மழைநீர் நேராக உள்ளே இறங்காது. ஆனால் மூடிவிட்டால் அது வளர்கிறதா என்று தெரியாமல் போகும். அதனால் முதலில் இரண்டு கட்டை அடியுங்கள். வெடிப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றும் இரண்டடி தள்ளி. இரண்டின் தலையிலும் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி அளந்து தேதியோடு எழுதுங்கள்.

நான் பார்த்த ஒரு வீட்டில் இப்படித்தான் செய்தோம். முதல் வாரம் 4 மி.மீ. கூடியது. அடுத்த வாரம் 5. மூன்றாம் வாரம் மழை பிடித்தது, இரண்டே நாளில் 20 மி.மீ. அன்று மாலையே குடும்பத்தை வெளியேற்றினோம், மூன்றாம் நாள் சரிவு இறங்கியது. எத்தனை மி.மீ. என்பதைவிட வேகம் கூடுகிறதா என்பதுதான் முக்கியம். கூடினால் அளந்துகொண்டு நிற்காதீர்கள்.

உங்கள் நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேர மழை 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 150 தாண்டினால் வெளியேறவும் சொல்கிறது. வெடிப்பு ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நான் 75-லேயே வெளியேறிவிடுவேன். இப்போதே கிராம சேவகர் மூலம் அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள்.

அதே ஹட்டன்காரர்: "மீரியபெத்தையிலும் முன்னமே சொன்னாங்கதானே. சனம் எங்க போறது?"

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமான மீரியபெத்தைக்கு 2005-லும் 2011-லும் எச்சரிக்கை போனது. 2014 அக்டோபர் 29 காலை மலை வந்தது. மக்களுக்குப் போக வேறு வீடு இல்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. கனமழை இரவுகளுக்கு மட்டுமாவது ஒரு பள்ளிக்கூடமோ கோயில் மண்டபமோ பேசி வையுங்கள்.

மூணாற்றிலிருந்து: "பெட்டிமுடியில் என் சித்தி குடும்பம் போய்விட்டது. லயத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் எதைப் பார்த்திருக்க முடியும்?"

வீட்டில் எதையும் பார்த்திருக்க முடியாது அம்மா. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நினைக்கவே வேண்டாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் உடைந்தது மலை உச்சிப் பக்கம். சேறும் பாறையும் ஓடை வழியாக இறங்கி லயத்தின்மேல் வந்தன. 70 பேர் போய்விட்டார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் வெளியுலகத்துக்கு மறுநாள்தான் தெரிந்தது.

இந்த வகைக்கு அறிகுறி ஓடையில்தான். மழை ஒரே சீராகப் பெய்யும்போது ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது. திடீரென்று சேறாகி மரத்துண்டுகள் வந்தாலோ, பாறை உருளும் சத்தம் கேட்டாலோ, நேரம் நிமிடக் கணக்கில்தான். ஓடையை விட்டுப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும், ஓடையோடு கீழே ஓடக் கூடாது. ஆனால் இருட்டில், கொட்டும் மழையில் இதையெல்லாம் யார் பார்ப்பது? அதனால்தான் ஓடைக் கரையில் இருப்பவர்கள் மழை அளவை வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்கிறேன். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, அடியிலிருந்து ஸ்கேலால் அளந்தால் மழை மி.மீ. கிடைத்துவிடும்.

கொடைக்கானலிலிருந்து: "காட்டை அழித்ததுதான் காரணம். மரம் நட்டால் சரிவே வராது."

காடு அழிந்தால் ஆபத்து கூடும், இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணை, ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தைத்தான் பிடிக்கும். அதற்குக் கீழே நழுவினால் மரமும் சேர்ந்தே வரும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையை அழித்த சரிவு உச்சியில் காட்டுப் பகுதியில்தான் தொடங்கியது. அது பழைய சரிவு ஒன்று நடந்த இடமும்கூட. ஒருமுறை சரிந்த இடத்தின்மேல் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

குன்னூரிலிருந்து இன்னொருவர்: "மழை நின்று ஒரு நாள் ஆகிவிட்டது. உறவினர் வீட்டிலிருந்து திரும்பலாமா?"

வானம் விட்டாலும் மண்ணுக்குள் தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். பகலில் போய்ப் பாருங்கள். இல்லாத இடத்தில் புது ஊற்று வந்திருக்கிறதா, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இடிக்கிறதா, மின்கம்பம் சாய்ந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் திரும்ப வேண்டாம், வருவாய்த் துறைக்குச் சொல்லி ஆளை வரவழையுங்கள். எதுவும் இல்லையென்றாலும் இன்னும் இரண்டு நாள் உறவினர் வீட்டிலேயே இருங்கள்.