தாத்தா பேரும் பேரன் பேரும் ஒன்றாக இருந்தால் பட்டா யாருடையது?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் தாத்தா பர்மாவில் சம்பாதித்து 1936-இல் கிரயம் வாங்கிய வீட்டை விற்கப் போகிறோம். தாத்தா 1968-இல் காலமானார், உயில் இல்லை. அப்பாவும் அத்தையும் இப்போது இல்லை, அத்தை பிள்ளைகள் பினாங்கில். பட்டாவில் ‘சுப்பையா, தந்தை லெட்சுமணன்’ என்று இருக்கிறது. அது தாத்தா பெயர், எங்கள் அண்ணன் பெயரும் அதுவே. பெட்டகத்தில் பத்திரம், வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆள் வந்து கேட்பதற்குள் எதை எப்படி அடுக்குவது?

பதில்: அடுக்குவதற்கு முன்னால் ஒரு முழுத்தாள் எடுத்து, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன காகிதம், எந்தத் தேதி, யார் பேர், அப்பா பேர், பேருக்கு முன்னால் போடும் விலாச எழுத்து, சர்வே எண், எவ்வளவு பரப்பு. நம்ம ஊரில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பதால் அப்பா பேரைச் சேர்த்துப் பார்த்தாலும் ஆள் பிரியாது. தேதிதான் பிரிக்கும். 1968-க்கு முந்திய காகிதம் என்றால் தாத்தா, சரி. பட்டா அதற்குப் பிறகு, நத்தம் நிலவரித் திட்டத்தில் வந்ததாக இருந்தால்தான் சிக்கல். பழைய வீட்டு வரிப் பதிவைப் பார்த்து, இறந்தவர் பேரிலேயே எழுதியிருப்பார்கள், அல்லது அப்போது வீட்டிலிருந்த அண்ணன் பேரில் எழுதியிருப்பார்கள்.

வாங்குகிறவரின் வக்கீல் முதலில் நிற்பது இங்கேதான். அண்ணன் பட்டா என்று காட்டி அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டால் முழு வீட்டுக்கும் கிரயம் நிற்காது, ஏனென்றால் பட்டா ஒருவருக்கு உரிமையைத் தராது, உரிமை 1936 பத்திரத்திலிருந்து இறங்கி வரவேண்டும். தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லாத சாவு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிந்தியது. அப்படியானால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. தாத்தாவுக்கு அப்பாவும் அத்தையும் மட்டும்தான் பிள்ளைகள், பாட்டியும் உங்கள் அம்மாவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், பாதி அப்பா வழியில் உங்களுக்கும் அண்ணனுக்கும், மறுபாதி அத்தை குடும்பத்துக்கு. அத்தைக்குச் சீர் செய்து அனுப்பியாச்சே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அதைச் சார்பதிவாளரிடம் சொல்ல முடியாது.

எனவே முதல் கோப்பு ‘ஆட்கள்’ கோப்பு. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை இறப்புச் சான்றிதழ்கள், வாரிசுச் சான்றிதழ், அண்ணன் பிறந்த தேதிக்கு ஒரு ஆதாரம், கையால் வரைந்த ஒரு வம்சாவளி. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலக வழியாக வருவது, மிகப் பழைய சாவுக்கு நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதும் உண்டு, அதனால் இதை இப்போதே தொடங்குங்கள். குடும்பத்தில் சுவீகாரம் நடந்திருந்தால் அந்தப் பத்திரமும் வேண்டும், அப்பா பேரும் விலாச எழுத்தும் அதில்தான் மாறியிருக்கும். பினாங்குப் பிள்ளைகள் வர முடியாவிட்டால் பவர் அனுப்பலாம். அங்கே சான்றொப்பம் வாங்கி அனுப்பிய பவர், இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். உறையைப் பிரிக்காமல் பெட்டகத்தில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ‘வீடு’ கோப்பு. 1936 அசல் பத்திரம், அதன் நகல், வில்லங்கச் சான்றிதழ். பொதுவாக 1975-க்குப் பிந்திய பதிவுகளை tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம், அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பட்டாவில் உள்ள புதிய எண்ணை மட்டும் கொடுத்தால் ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று சுத்தமாக வரும், பழைய அடமானம் பழைய எண்ணில் கிடக்கும். பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுங்கள். பத்திரத்தில் எண்ணே இல்லாமல் நான்கெல்லை மட்டும் இருந்தால் அதையும் எழுதுங்கள். பங்காளிகள் பதிவு செய்யாமல் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு எதுவும் வில்லங்கத்தில் ஏறாது, பெட்டகத்தை அடிவரை பாருங்கள்.

பட்டாவை எல்லா வாரிசுகள் பேரிலும் கூட்டாக மாற்ற மனுப் போட்டுவிட்டால் விற்கும்போது பேச்சு குறையும். மாறிய பிறகு சொத்து வரிப் பேரை மாற்றுவது சுலபம், அரையாண்டு பாக்கி இருந்தால் கட்டிவிட்டு கடைசி ரசீதோடு கிடைத்ததில் மிகப் பழைய ரசீதையும் வையுங்கள், அது அனுபோகத்துக்கு உதவும். நடுவில் உள்ள நாற்பது வருஷ ரசீதுகளை யாரும் கேட்கமாட்டார்கள்.

கரண்ட் பில் சின்ன விஷயம், ஆனால் பெரிய வீடுகளில் முகப்புக்கு ஒன்று, வளவுக்கு ஒன்று, கொல்லையில் மோட்டாருக்கு ஒன்று என்று இணைப்புகள் இருக்கும், ஒன்று எப்போதோ வீட்டைப் பார்த்துக்கொண்டவர் பேரில் இருக்கும். ஒவ்வொரு மீட்டரின் இணைப்பு எண்ணையும் எழுதி, பாக்கி எதில் என்று பாருங்கள். உபயோகிக்காததை விற்பதற்கு முன்பே துண்டிக்க எழுதிக் கொடுங்கள்.

வந்து பார்க்கிறவர்களுக்கு நகல் மட்டும் கொடுங்கள், ஒவ்வொன்றிலும் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதி. வக்கீல் அசலைக் கேட்டால் உங்கள் முன்னால் பார்த்துத் திருப்பித் தரட்டும்.