தையல் தெரிகிறது, பணப்பையைக் காணோம்

"வீட்டிலேயே தோல் பணப்பைகளைக் கையால் தைத்து இணையத்தில் விற்கிறேன். என் தையல் கிட்டத்தில் தெரிய வேண்டும் என்று, எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மேக்ரோ படம் கேட்டால், தையல் பளிச்சென்று வருகிறது. ஆனால் அது பணப்பையா, செருப்பா, பெல்ட்டா என்று தெரியவில்லை. எப்படி எழுதிக் கேட்பது? ஆயத்தக் கட்டளைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை 300 வெள்ளிக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?" — வாசகி, ஈசூன்

வாங்காதீர்கள். அந்தத் தொகுப்பை எழுதியவர் உங்கள் பணப்பையைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்றை ஒரு கடைக்காரர் என்னிடம் காட்டியிருக்கிறார். ஒரே வாக்கியத்தில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின் வாலிலும் `extreme macro, intricate, bokeh, 8k` என்ற அதே நான்கு மந்திரங்கள். உங்களைத் தொல்லைப்படுத்துவதே அவைதான்.

புகைப்படக்காரர்களிடம் மேக்ரோ என்பதற்குக் கறாரான பொருள் உண்டு: பொருளின் அசல் அளவிலேயே அதன் உருவம் கேமராவின் சென்சாரில் விழ வேண்டும். முழு அளவுச் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். உங்கள் தையல் ஒன்று 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உண்மையான மேக்ரோ படத்தின் அகலத்தில் ஒன்பது தையல்கள்தான் அடங்கும். மடிப்புக்கும் மறுமூலைக்கும் அதில் இடமில்லை. செயலி பழகிய மேக்ரோ படங்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். நீங்கள் கேட்டதை அது ஒழுங்காகவே தருகிறது. கேட்ட சொல்தான் தவறு. `bokeh` என்றால் மீதமிருக்கும் பணப்பையையும் மூடுபனியில் கரைத்துவிடும். `intricate` என்றால் நீங்கள் போடாத பூவேலையைத் தோலில் போட்டுவிடும்.

ஆகவே மேக்ரோவை விட்டுவிடுங்கள். பணப்பை முழுதும் சட்டத்துக்குள் சாய்வாகக் கிடக்கட்டும். அதன் ஒரு மூலை மட்டும் நம் மூக்கருகே வரட்டும். கட்டளையிலும் பொருள் முதலில், தையல் பிறகு.

```
Folded tan leather bifold wallet on dark wood,
three-quarter view, whole outline visible.
Near corner in sharp close-up: cream waxed thread,
slanted saddle stitches, visible leather pores.
Low side light from the left.
Far edge and fold soft but recognisable.
```

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தூரத்து ஓரம் மங்கலாம், ஆனால் அடையாளம் தெரிய வேண்டும் என்று சொல்லாவிட்டால் செயலி அதைத் துடைத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சமும் அலங்காரத்துக்காகக் கேட்பதில்லை. நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் நூல் தோலின் மேல் வரைந்த கோடு போலத் தட்டையாகத் தெரியும். தாழ்வாக ஓரத்திலிருந்து விழுந்தால் ஒவ்வொரு தையலும் தன் நிழலைப் போடும், மயிர்க்கண்கள் குழிகளாகத் தெரியும்.

இவ்வளவு செய்தாலும், எழுத்தை மட்டும் வைத்து வரையப்படுவது யாரோ ஒருவருடைய பணப்பை. உங்களுடையது வர வேண்டுமானால் உங்கள் புகைப்படத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். காலையில் சன்னல் ஓரத்தில் பணப்பையை வைத்து, கைத்தொலைபேசியை ஒரு முழ தூரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஒட்டிப்போய் எடுத்தால் பல தொலைபேசிகள் தாமாகவே அகலக் கோண லென்சுக்கு மாறி, மூலையை யானைக்கால் போல வீங்க வைத்துவிடும்.

படத்தை ஏற்றியதும், அதை எவ்வளவு மாற்றலாம் என்று தீர்மானிக்கும் நகர்த்துக்கோல் பல செயலிகளில் இருக்கும். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை என்றால் 0.25, மிஞ்சினால் 0.35. அதைத் தாண்டினால் தையலின் எண்ணிக்கையே மாறத் தொடங்கும். சில செயலிகளில் இதே கோல் நேர்மாறாக வேலை செய்கிறது: எண் கூடக் கூட உங்கள் படத்தோடு ஒட்டி நிற்கும். இதையாவது எல்லாரும் ஒரே மாதிரி வைக்கக்கூடாதா? முதலில் ஒரு கோடிக்குத் தள்ளிப் பாருங்கள். உங்கள் படம் அப்படியே திரும்பி வந்தால் திசை புரிந்துவிடும். போன மாதம் சரியாக வந்த கட்டளை இந்த மாதம் வேறு மாதிரி வந்தால் குழம்ப வேண்டாம். செயலிக்குள் இருந்து படம் வரையும் மென்பொருளைச் சொல்லாமல் மாற்றியிருப்பார்கள். பிடித்த படத்தை அன்றே சேமித்துவிடுங்கள்.

வந்த படத்தை நம்புவதற்கு முன் இரண்டு சோதனைகள். ஒன்று, அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். "பணப்பை" என்று உடனே வராமல் ஒரு கணம் யோசித்தாலும் படம் தோற்றது. இரண்டு, மூலையைப் பெரிதாக்குங்கள். இரண்டு ஊசிகளால் தைத்த நூல் ஒவ்வொரு துளையிலும் இறங்கி அடுத்த துளையில் ஏறும். எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாயும். செயலி வரைந்ததில் நூல் நுழையாத துளை இருக்கும், திரும்பும் இடத்தில் இரண்டு தையல்கள் கவட்டை போல ஒட்டிக்கொள்ளும். மயிர்க்கண்கள் தரையில் ஓடு பதித்ததைப் போல ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வந்தாலும் அது தோல் இல்லை.

இங்கே ஒரு வாடிக்கையாளரின் கதையைச் சொல்ல வேண்டும். தேக்கா பக்கம் கடை வைத்திருப்பவர். படத்துக்கு இத்தனை வெள்ளி என்று வாங்கிய ஒரு தரகர், இயந்திரத்தில் தைத்த பைக்குச் சாய்ந்த கைத்தையலை வரைந்து கொடுத்துவிட்டார். படம் அருமை. பையை வாங்கியவர் அதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பினார். தரகர் அதன்பின் தொலைபேசியை எடுக்கவில்லை. சிங்கப்பூரின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் நிற்பது விற்றவர்தான். உங்களுடையது உண்மையிலேயே கைத்தையல் என்பதால் கவலை குறைவு. ஆனாலும் பணப்பையின் ஒரு பக்கத்தில் 25 தையல் இருக்க, படத்தில் 40 இருந்தால் அதுவும் வேறு பொருள்தான்.

எழுத்துப் பொறிப்பு மட்டும் தனிக்கதை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெயர் பொறித்த பணப்பையை இன்றில்லாவிட்டால் தீபாவளிக்கு யாராவது கேட்பார்கள். தையலில் ஒரு துளை பிசகினால் பலர் கவனிக்க மாட்டார்கள். பெயரில் ஒரு புள்ளி விழுந்தால் பெயரே போயிற்று. ஆங்கில எழுத்தையே தடுமாறி எழுதும் செயலிகள் தமிழில் ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாக்கும், புள்ளியை மயிர்க்கண் என்று நினைத்து அழிக்கும். "சரியாக எழுது" என்று கட்டளையில் கெஞ்சிப் பயனில்லை. பகுதி திருத்தும் வசதியைத் திறந்து, பின்னணியையும் மேசையையும் மட்டும் தூரிகையால் பூசுங்கள். பூசிய இடம்தான் மாறும். பெயரையும் அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்தையும் தொடாதீர்கள். அப்போதும் சில செயலிகள் படம் முழுவதையும் புதிதாக வரைந்து நீட்டும். அப்படியானால் அசல் புகைப்படத்திலிருந்து பெயர்ப் பகுதியை வெட்டி மேலே ஒட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.