லண்டன் வேலை: சேரும் திகதியை எப்படி எழுதுவது?

"அண்ணா, லண்டன் கொம்பனி ஒண்டு வேலை தந்திருக்கு. எப்ப வந்து சேருவியள் எண்டு அவையின்ரை ரிலொகேஷன் ரீம் கேக்குது. யூன் 1 எண்டு எழுதட்டோ? ரிக்கெட்டும் போடலாமோ?"

தம்பி, ரிக்கெட்டை வீசா வந்த பிறகு போடுங்கள். நீங்கள் எழுதும் திகதியைத்தான் கொம்பனி உங்கள் ஸ்பொன்சர் சான்றிதழில், அதாவது சி.ஓ.எஸ்.இல், வேலை தொடங்கும் நாளாகப் பதியும். அந்த நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் வீசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. சி.ஓ.எஸ். கிடைத்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தும் ஆக வேண்டும்.

என்னைக் கேட்டால் யூன் 15 என்று எழுதுங்கள். காரணம் இதுதான். விண்ணப்பிக்க முதலே காசநோய்ச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதைக் கொழும்பில் ஐ.ஓ.எம். என்ற சர்வதேச குடிபெயர்வு அமைப்பின் நிலையத்தில் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகும். விண்ணப்பித்த பிறகு கைரேகையும் கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் விண்ணப்பித்து, சித்திரை வருடப்பிறப்பு லீவு தொடங்க முதல் கைரேகை கொடுத்தால், வழமையாக மூன்று வாரத்தில் முடிவு வரும். கொஞ்சம் இழுபட்டாலும் மே முதல் வாரம். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும், இதில் அவசரப்படாதீர்கள். ஒரு மாத நோட்டீஸ் என்றால் யூன் முதல் வாரம் முடிந்துவிடும். யூன் 1 எப்படியும் இடிக்கும்.

ஆகவே பதிலில், "யூன் 15ஐ எதிர்பார்க்கிறேன், மார்ச் நடுப்பகுதிக்குள் சி.ஓ.எஸ். கிடைப்பதையும், மே முதல் வாரத்துக்குள் வீசா வருவதையும் பொறுத்தது, வீசா வந்ததும் பயண நாளை உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதுங்கள். வெறும் திகதியை எழுதினால் அதை வாக்குறுதியாக எடுத்து வீடும் பதிவு செய்துவிடுவார்கள்.

வீசா பிந்தினாலும் பயப்பட வேண்டாம். சி.ஓ.எஸ்.இல் உள்ள நாள், வீசா தொடங்கும் நாள், வீசா கிடைத்ததாக அறிவித்த நாள், இந்த மூன்றில் எது கடைசியோ அதிலிருந்து 28 நாளுக்குள் வேலை தொடங்கலாம். யூன் 20தான் கடைசி என்றால் யூலை 18 வரை இடம் இருக்கிறது. அதையும் தாண்டினால் கொம்பனி காரணத்தோடு பிரித்தானிய உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்க வேண்டும். அதனால் பிந்தப்போகிறது என்று தெரிந்த அன்றே எழுதிவிடுங்கள்.

அதே மின்னஞ்சலில் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, முதல் மாதச் செலவைத் தாங்கள் பொறுப்பேற்பதாக சி.ஓ.எஸ்.இல் குறிப்பார்களா? குறிக்காவிட்டால் 1,270 பவுண்ஸ் உங்கள் கணக்கில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும், அதற்கே ஒரு மாதம் முன்கூட்டித் தயாராக வேண்டும். இரண்டாவது, பெயர். எங்கள் ஆட்களின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு இடத்திலும் சொந்தப் பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கும். சான்றிதழ்களில் முதலெழுத்து மட்டும் இருக்கும். கடவுச்சீட்டின் படப்பக்கத்தை ஸ்கான் செய்து இணைத்து, இதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்துப் பதியச் சொல்லுங்கள்.

வீசா கிடைத்ததும் உங்கள் ஈ-வீசா கணக்கிலிருந்து, அதாவது இணையத்தில் உங்கள் வீசா பதிவாகியிருக்கும் கணக்கிலிருந்து, வேலை செய்யும் உரிமையைக் காட்டும், W என்று தொடங்கும் ஷெயார் கோட் எடுத்து கொம்பனிக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் வேலைக்கு முன்னரே கொம்பனி அதைச் சரிபார்த்தாக வேண்டும். இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் புது இலக்கத்தை அந்தக் கணக்கில் ஏற்றிய பிறகே விமானம் ஏறுங்கள்.