டின் எண்ணெய் நிஜமாகவே மலிவா?

கேள்வி: வீட்டில் நாலு பேர் சார், மாதம் 3 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஆகிறது. ஒரு லிட்டர் பாக்கெட் 172 ரூபாய்க்கு வாங்குகிறோம், 870 கிராம் பாக்கெட் 166-க்குக் கிடைக்கிறது. மொத்தக் கடையில் 15 லிட்டர் டின் 2,475, 15 கிலோ டின் 2,640. எதை வாங்கலாம்?

பதில்: 165 ரூபாய் குறைவு என்று 15 லிட்டர் டின்னைத் தூக்கிவிடாதீர்கள். லிட்டரும் கிலோவும் எண்ணெயில் ஒன்றல்ல, எண்ணெய் தண்ணீரை விட லேசு, ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான் இருக்கும் (பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள்). அப்படியானால் அந்த டின்னில் இருப்பது 13.65 கிலோ.

எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றிவிட்டால் குழப்பம் இல்லை. விலையை கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள், அவ்வளவுதான். 15 கிலோ டின் கிலோ 176 ரூபாய், 15 லிட்டர் டின் 181, லிட்டர் பாக்கெட் 189. 6 ரூபாய் மலிவாகத் தெரிகிற அந்த 870 கிராம் பாக்கெட்தான் நாலிலும் விலை அதிகம், 191 ஆகிறது! பார்க்க ஒரு லிட்டர் பாக்கெட் மாதிரியே இருப்பதால் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் யூனிட் விலையை மட்டும் நம்பவும் முடியாது, அது எம்ஆர்பியை வைத்துப் போட்டது, கடைக்காரர் தள்ளுபடி கொடுத்தால் கணக்கு மாறிவிடும்.

சரி, 15 கிலோ டின்னையே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 13 ரூபாய் மிச்சம், டின்னுக்கு 195 ரூபாய். ஆனால் அதில் இருப்பது கிட்டத்தட்ட பதினாறரை லிட்டர், உங்களுக்கு ஐந்தரை மாதம் வரும். அதாவது மாதம் 35 ரூபாய் லாபத்துக்காக இன்றைக்கே 2,640 ரூபாயை எடுத்து வைக்கிறீர்கள், அதைக் கிரெடிட் கார்டில் போட்டு பாக்கி வைத்தால் ஒரே மாத வட்டியில் அந்த 35 ரூபாயும் போய் மேலும் கைவிட்டுப் போகும்.

அப்புறம், டின் திறந்திருக்கும்போது கை தாராளமாகிவிடும், எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மாதம் 220 மில்லி, ஒரு டம்ளர் அளவு கூடுதலாகச் செலவானாலே மிச்சம் பூஜ்யம். திறந்த டின் மாதக்கணக்கில் அடுப்படிச் சூட்டில் இருந்தால் சிக்கு வாடையும் அடிக்கும், கடைசி இரண்டு லிட்டரைக் கொட்ட வேண்டி வந்தால் நஷ்டம்தான்.

அதனால் மாதாமாதம் லிட்டர் பாக்கெட்டே வாங்குங்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு, இல்லை அக்கா வீட்டோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ள ஆள் இருந்தால், அப்போது 15 கிலோ டின் எடுக்கலாம்.