26 சதவீதம் கொடுத்தால் கையை விட்டுப் போவது எது?

கேள்வி: ஈரோடு பக்கம் செக்கு எண்ணெய் தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறேன். பங்குகள் முழுவதும் என்னிடமும் என் மனைவியிடமும் உள்ளன. கோவையைச் சேர்ந்த ஒருவர் 26 சதவீதப் பங்குக்கு 2 கோடியே 60 லட்சம் ரூபாய் முதலீடு செய்ய முன்வந்திருக்கிறார். 74 சதவீதம் எங்களிடம் இருக்கும்வரை முடிவெடுப்பது நாங்கள்தானே? மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும் என்றும் கேட்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: முதலில் அவர் ஏன் 25 என்று கேட்காமல் 26 என்று கேட்கிறார் என்பதைப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டுமானால் ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். எதிரில் 25 இருந்தால் உங்கள் 75 அதற்குச் சரியாக மூன்று மடங்கு, தீர்மானம் நிறைவேறிவிடும். எதிரில் 26 இருந்தால் 78 தேவை. உங்களிடம் இருப்பதோ 74. கம்பெனியின் விதிகளைத் திருத்துவது, புதிதாக ஒரு வெளியாளுக்குப் பங்கு வெளியிடுவது போன்றவற்றுக்கு இந்தத் தீர்மானம் தேவைப்படுவதால், அந்த ஒரு சதவீதத்தில் அவருக்குத் தடுக்கும் உரிமை கிடைத்துவிடுகிறது. இயக்குநர் நியமனம், ஆடிட்டர் நியமனம் போன்ற சாதாரணத் தீர்மானங்கள் மட்டும் சட்டப்படி உங்கள் கையில் நிற்கும். பேரத்தில் எதையாவது விட்டுக்கொடுத்து இந்த 26ஐ 25ஆகக் குறைக்க முடியுமானால், என் கணக்கில் அது நல்ல பேரம்.

ஆனால் அதைக் குறைத்தாலும் விஷயம் முடிந்துவிடாது. நடைமுறையில் உரிமையாளரின் கை கட்டப்படுவது சதவீதத்தைவிட, அவர் உங்களோடு போடும் பங்குதாரர் ஒப்பந்தத்தில்தான். அதில் 'முன் ஒப்புதல் தேவைப்படும் விஷயங்கள்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் வாங்குவது, ஆண்டு பட்ஜெட், உங்கள் சம்பளத்தை உயர்த்துவது, புதுக் கிளை திறப்பது, உறவினருடன் எந்தக் கொடுக்கல் வாங்கலும் செய்வது என்று அது நீளும். அவரிடம் 10 சதவீதமே இருந்தாலும், பட்டியலில் உள்ள எதையும் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதமின்றிச் செய்ய முடியாது. இதை ஒப்பந்தத்தில் எழுதுவதோடு கம்பெனியின் விதிகளிலும் சேர்க்கச் சொல்வார்கள். பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு விதிகளில் இல்லாமல் தனி ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்ததிலிருந்து, முதலீட்டாளர்களின் வழக்கறிஞர்கள் இதில் கவனமாகவே இருக்கிறார்கள். விதிகளில் ஏறிவிட்டால் பின்னால் அதை எடுக்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். மேலே சொன்ன 26 அங்கேயும் வந்து நிற்கும்.

உங்கள் தொழிலை வைத்தே பார்ப்போம். அறுவடை முடிந்து கடலை விலை இறங்கும்போது மூன்று மாதச் சரக்கை மொத்தமாக எடுத்து வைக்க நினைக்கிறீர்கள். வங்கியில் கூடுதலாக 40 லட்சம் கேட்கிறீர்கள். ஒப்பந்தத்தில் கடன் வரம்பு 25 லட்சம் என்று இருந்தால், நீங்கள் முதலீட்டாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர் வெளியூரில் இருந்து பத்து நாள் கழித்துச் சரி என்று எழுதும்போது விலை ஏறியிருக்கலாம். அதேபோல், ஆலை நிற்கும் இடம் உங்கள் மனைவி பெயரில் இருந்து கம்பெனி அவருக்கு வாடகை கொடுத்து வந்தால், இனி அந்த வாடகையை உயர்த்துவதும் முதலீட்டாளர் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். எனவே பட்டியலை முழுவதும் எதிர்க்காமல் மூன்று திருத்தங்களைக் கேளுங்கள்: தொகை வரம்புகள் உங்கள் ஒரு பருவக் கொள்முதலுக்கு இடம் தருமளவு உயர்வாக இருக்க வேண்டும், ஏழு வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் தந்ததாகக் கொள்ள வேண்டும், அவருடைய பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இந்த உரிமை காலாவதியாக வேண்டும். அவர் நியமிக்கும் இயக்குநர் வராமல் போர்டு கூட்டமே நடக்காது என்ற வாசகம் இருந்தால், ஒத்திவைத்த கூட்டத்தை அவரில்லாமலும் நடத்தலாம் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

பங்கு விஷயத்தில், 2.60 கோடிக்கு 26 சதவீதம் என்றால் பணம் வந்த பிறகு கம்பெனியின் மதிப்பு 10 கோடி, வருவதற்கு முன் 7.40 கோடி. '10 கோடி மதிப்பு' என்று வாய்வழியாகப் பேசியிருந்தால் அது முன் மதிப்பா பின் மதிப்பா என்று கேட்டுவிடுங்கள். முன் மதிப்பு 10 கோடியென்றால் அவருக்குப் போக வேண்டியது ஏறத்தாழ 20.6 சதவீதம்தான். இந்தப் பணம் புதுப் பங்குகளுக்காகக் கம்பெனிக்குள் வருவது. உங்கள் வீட்டுக் கடனை அடைக்க அதைத் தொட முடியாது.

இதைவிடப் பெரிய தொகை ஒளிந்திருப்பது, கம்பெனி விலை போகும்போது யாருக்கு முதலில் எவ்வளவு போகும் என்று சொல்லும் விற்பனை முன்னுரிமை என்ற வாசகத்தில். நாளை கம்பெனி 6 கோடிக்கு விலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் பங்காக இருந்தால் அவருக்கு 1.56 கோடி. 'போட்ட பணம் அல்லது பங்கின் மதிப்பு, இரண்டில் கூடுதலானது' என்று இருந்தால் அவருக்கு 2.60 கோடி, உங்களுக்கு 3.40 கோடி. 'போட்ட பணமும், மீதியில் பங்கும்' என்று இருந்தால் அவருக்கு 2.60 கோடியோடு மீதி 3.40 கோடியில் 26 சதவீதமும் சேர்ந்து 3.48 கோடிக்கு மேல் போய்விடும். 74 சதவீதம் வைத்திருக்கும் உங்களுக்கு 2.52 கோடிகூட நிறையாது. 'அல்லது' என்பதும் 'உம்' என்பதும் ஏறக்குறைய 88 லட்ச ரூபாய் வித்தியாசம். மூன்றாவது வடிவத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அவர் விற்கும்போது உங்கள் பங்கையும் சேர்த்து விற்கச் சொல்லும் உரிமை இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், குறைந்தபட்ச விலை ஒன்றைக் குறிப்பிடாமல் கையெழுத்திட வேண்டாம்.

மாதக் கணக்கு கேட்பது நியாயம்தான்; சம்மதிக்கலாம். மாதம் முடிந்த 15 முதல் 20 நாட்களுக்குள் வரவு செலவு, கையிருப்புச் சரக்கு, வசூலாக வேண்டிய பாக்கி, வங்கி இருப்பு ஆகியவற்றைக் கேட்பது வழக்கம். சிக்கல் உங்கள் பக்கத்தில்தான் இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் மட்டும் பில்களைச் சேர்த்து, ஆண்டு இறுதியில் ஆடிட்டரிடம் சரக்கைத் தோராயமாகச் சொல்லும் பழக்கத்தில் மாத அறிக்கை வராது; மாதந்தோறும் சரக்கை எண்ணிப் பதிவு செய்ய ஒரு கணக்காளர் வேண்டும், அவர் சம்பளமும் இந்த முதலீட்டின் செலவே. அறிக்கை தாமதமானால் அதை ஒப்பந்த மீறலாகக் கருதித் தண்டனை விதிக்கும் வாசகம் இருந்தால், எழுதித் தெரிவித்த பின் 30 நாள் திருத்த அவகாசம் கேட்டு வாங்குங்கள்.

பணம் வந்த நாளிலிருந்து சட்டமும் உங்களிடம் கணக்குக் கேட்கும். தனி வங்கிக் கணக்கில் பெற்ற தொகைக்கு 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும்; ஒதுக்கிய 15 நாட்களுக்குள் அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்; அது முடியும்வரை பணத்தில் ஒரு ரூபாயும் எடுக்கக் கூடாது. புது மெஷினுக்கு முன்பணம் கொடுக்கும் தேதியை இதை வைத்தே குறியுங்கள்.